பாராட்டுக்குரிய காலை உணவு

“எங்கள் பாராட்டுக்குரிய காலை உணவை அனுபவி.”

ஹோட்டல் வேலையில் எனக்கு வந்த முதல் கோப்பின் முதல் வரி இது. மொழிபெயர்த்தது இயந்திரம். காலை டிபன் ‘காம்ப்ளிமென்டரி’, அதாவது இலவசம் என்று ஆங்கிலம் சாதாரணமாகச் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, இட்லிக்குப் பொன்னாடை போர்த்தி, சாப்பிட வருகிறவரை ‘நீ’ என்று அதட்டவும் செய்திருந்தது. ‘காலை உணவு இலவசம். ருசித்து மகிழுங்கள்’ என்று மாற்றினேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். ஹோட்டல் அறைகளைப் பதிவு செய்யும் ஓர் இணையதளத்துக்காக, இயந்திரத்தின் தமிழை மனிதர் படிக்கும்படி ஆக்கித் தர வேண்டும். பெங்களூரில் இருந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தப்பை மட்டும் தொடுங்கள், நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக ஆக்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். நன்றாக இருப்பது வந்தால்தானே அந்தக் கவலை.

ஒருநாள் எங்கள் ஊர் ஹோட்டலே வந்தது, மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது. ஜங்ஷன் 1.5 கிலோமீட்டர் என்பதில் புள்ளி தொலைந்து 15 ஆகியிருந்தது. அந்தக் கணக்குப்படி ரயில் ஏற திருவெறும்பூரையும் தாண்டிப் போக வேண்டும். ஐந்து வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணமில்லை என்பது, ‘குழந்தைகள் 5 ஆண்டுகள் வரை இலவசமாகத் தங்கலாம்’ என்று வந்திருந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கடைசியாக, செக்-அவுட் 12 PM என்பதை ‘நள்ளிரவு 12 மணி’ என்று போட்டிருந்தது. ‘பகல் 12 மணி’ என்று திருத்தி அனுப்பினேன்.

என் திருத்தங்களைச் சரிபார்ப்பவர் மதுரையில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். நேரில் பார்த்ததில்லை, குறிப்புகள் வழியாகத்தான் பழக்கம். ‘செக்-அவுட்’டை அடித்துவிட்டு ‘அறை துறத்தல்’ என்று எழுதியிருந்தார். அறையைத் துறந்தவர் அப்புறம் காவியைக் கட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போக வேண்டியதுதான். இணையதளம் தந்த சொற்பட்டியலில் ‘செக்-அவுட்’ என்றே இருப்பதைக் காட்டினேன், விட்டுவிட்டார். பகல் 12-ஐ மட்டும் விடவில்லை. PM என்றால் மாலையும் இரவும்தானே, நள்ளிரவு என்று இயந்திரம் சரியாகச் சொன்னதைக் கெடுத்துவிட்டேன் என்று, ‘எண்கள்’ என்ற தலைப்பின் கீழ் எனக்கு ஒரு பெரும்பிழை போட்டார். எண்ணில் ஒரு பெரும்பிழை இருந்தாலே கோப்பு தோல்வி. இயந்திரம் பாஸ், நான் ஃபெயில்.

12 PM என்பது நடுப்பகல் என்று விளக்கி எழுதினேன். அவர் நம்பவில்லை. நடுவில் மாட்டிய பெங்களூர்ப் பெண், ஹோட்டலிலிருந்தே ஏதாவது ஆதாரம் கிடைக்குமா என்று கேட்டாள். கோபத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி நேரே ஹோட்டலுக்குப் போய்விட்டேன்.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிய விதத்தில், பல நாள் தேடிய ஆள் கையில் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார் என்று தெரிந்தது.

“அந்தத் தமிழ் நீங்க எழுதினதா மேடம்?”

“இல்லைங்க, நான் திருத்தறவ.”

திருத்தாத இயந்திரத் தமிழ் ஏற்கெனவே பல வாரமாக இணையத்தில் இருந்திருக்கிறது. தொட்டியத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம், நள்ளிரவு வரை அறை எங்களுக்குத்தான் என்று போனைக் காட்டி மத்தியானம் கட்டிலில் படுத்துவிட்டதாம். அடுத்து அந்த அறைக்கு வந்தவர்கள் பெட்டியோடு வரவேற்பில் காத்திருக்க, இவர் இரு பக்கமும் காபி வாங்கிக் கொடுத்தே சமாளித்திருக்கிறார்.

“அவங்களைத் திட்டவும் முடியலைங்க. எழுதியிருக்கே” என்றார்.

மேஜை மேல் இருந்த பலகையில் ‘செக்-அவுட் 12 நூன்’ என்பதை ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். படமெடுத்து அங்கிருந்தே அனுப்பினேன். பெங்களூர்ப் பெண் அதை இணையதளக்காரர்களுக்கு அனுப்ப, அவர்களும் நடுப்பகல்தான் என்று பதில் போட்டார்கள். பெரும்பிழை நீங்கியது, கோப்பு தேறியது, அந்த வாரமே பக்கத்தையும் மாற்றினார்கள்.

பேராசிரியர் எழுதினார்: “தவறு என்னுடையது. வருந்துகிறேன். ஆனாலும் ‘பகல் 12’ஐ விட ‘நண்பகல் 12’ செறிவு.”

மனிதர் தோற்ற இடத்திலும் ஒரு திருத்தம் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். எரிச்சலோடு இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நண்பகல்தான் நன்றாக இருந்தது. மாற்றினேன்.