லில்லிக்குப் பொருந்தாத காலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளை வைத்து நாவல் எழுத உட்கார்ந்தபோது, ஆட்களுக்குப் பெயர் வைக்க எனக்குத் துணை அக்காதான். கதை நடப்பது வெள்ளைக்காரத் துரை காலத்தில். அக்கா பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் பூத்தோட்ட வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேட்பாள். நாக்கில் ஈவிரக்கமே கிடையாது.

“எல்லாரும் வட ஆற்காட்டு ஆளுங்கன்னு எழுதியிருக்க, ராக்காயி எங்கடா வந்தா? அது மதுரைப் பக்கத்துப் பேரு லா. அஞ்சலைன்னு வை.”

முனியம்மா, முத்தம்மா, மாரியம்மா மூவரும் ஒரே நிரையில் கொழுந்து கிள்ளியபோது, “யாரு யாருன்னே தெரியல, தலை சுத்துது” என்றாள். முனியம்மாவை வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் பச்சையம்மா, குப்பு என்று மாற்றினேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். அவர் மகள் சரஸ்வதி ஆனாள்.

அஞ்சலைக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்குத்தான் பெயர் அமையவில்லை.

“லில்லின்னு வையேன்” என்றாள் அக்கா.

எனக்குப் புரிந்தது. முப்பது வருஷத்துக்கு முன் அவளுக்குப் பிறந்து மூன்றாம் நாளே போன குழந்தை அது. அப்போது அவள் பறித்துக் கட்டிக்கொண்டிருந்த பூவின் பெயரையே வைத்தாள். அவளைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

புரிந்துகொண்டும் சொன்னேன்: “அந்தக் காலத்துல எந்தக் கூலி வீட்டுலக்கா லில்லின்னு வச்சாங்க? படிக்கிறவன் சிரிப்பான்.”

“அதுவும் சரிதான். யாராச்சும் ஒரு தடவை கூப்பிடட்டுமேன்னு நெனச்சேன்” என்றாள். எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

குழந்தைக்குச் சின்னப்பொண்ணு என்று வைத்தேன். காலத்துக்குப் பொருத்தமான பெயர்தான். அதற்குப் பிறகு அக்கா எந்தப் பெயரும் சொல்லவில்லை.

நாவல் அச்சாகும் முன்பே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, மனசே இல்லாமல் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: துரை காட்டை வெட்டித் தோட்டம் போட்டு, அதற்குத் தன் மகள் மார்கரெட்டின் பெயரை வைத்தார்.

துரை மகளுக்கு லில்லி என்று பெயர் இருக்கக்கூடாதா? யார் சிரிக்கப் போகிறார்கள்? என் மட்டித் தலைக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. வாய்விட்டு அழுதேன்.

மார்கரெட்டை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு லில்லி என்று எழுதினேன். காலத்துக்கும் சரி, துரைக்கும் சரி, வேறு எந்தப் பெயரோடும் குழம்பாது. இப்போது புத்தகத்தில் எல்லாரும் பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறார்கள்: “லில்லியிலதான் பொறந்தேன்”, “லில்லிய விட்டுட்டு எங்க போறது?”

இதில் எதையும் கேட்க அக்கா இல்லை. என் வாயிலிருந்து அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு தடவைதான். படிக்கிறவன் சிரிப்பான் என்று சொன்னேனே, அப்போது.