வைஜயந்தி மேசையில் ஒரு கட்டைவிரல்

2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை, பிற்பகல் 3.10. கோலாப்பூர் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டு மேசையில் வைஜயந்தி தாமலே அன்று திறந்தது இருபத்தோராவது கோப்பு. ஏழு வயது ரேவா சூர்வே. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. காப்பீட்டு நிறுவனத்தின் பதில் திரையில் வந்திருந்தது: நிராகரிப்பு. காரணம்: வெளியே தெரியும் பிறவிக் குறைபாடு.

பதினோரு வருடமாக வைஜயந்தி இதே நாற்காலியில்தான் உட்காருகிறார். டாக்டர்கள் எழுதுவதைப் படித்து நிறுவனத்துக்கு அனுப்புவதும், நிறுவனம் எழுதுவதைப் படித்துக் குடும்பத்துக்குச் சொல்வதும் அவர் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம் என்பார்.

எதிரே ரேவாவின் அப்பா தானாஜி, வார்ப்பட ஆலை மேற்பார்வையாளர். மகளின் கைகளைத் தன் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தார்.

"அக்கா, நான் காலைலயே சொன்னேன்ல? கையைப் பத்தி எழுதாதீங்கன்னு. பிறவிலேயேன்னு ஒரு வார்த்தை போட்டாலே அவங்க கழட்டி விட்டுடுவாங்க."

"யார் சொன்னா?"

"ஆலைல எல்லாரும் சொல்றாங்க."

"ஆலைல இரும்பு உருக்குறாங்களா, பாலிசி உருக்குறாங்களா? கைக்குட்டையை எடுங்க. குழந்தைக்கு வேர்க்குது."

எடுத்தார். ரேவாவின் இரண்டு கட்டைவிரல்களும் மற்ற விரல்களைப் போல நீண்டு, மெலிந்து, மூன்று கணுவோடு இருந்தன. அவள் அவற்றால் மோதகம் ஒன்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

தவறு எங்கே என்று வைஜயந்திக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. சேர்க்கும்போது பயிற்சி டாக்டர் நோயின் பெயர் எழுதும் கட்டத்தில் முதலில் விரல்களை எழுதி, இரண்டாவதாக இதயத்தை எழுதியிருந்தார். நிறுவனத்தில் முதல் வரியோடு நிறுத்திவிட்டார்கள்.

"அதை அழிச்சிட்டுத் திருப்பி அனுப்பிடலாமா?" தானாஜி குரல் தாழ்ந்தது.

"அழிச்சா பொய். கோப்புல இருக்கற மரபணுப் பரிசோதனை அறிக்கைலயே விரல் இருக்கு. நாளைக்கு அதைப் பார்த்தா, மறைச்சீங்கன்னு அதுக்கே தள்ளுவாங்க. எல்லாத்தையும் எழுதுவோம். அது அது இருக்க வேண்டிய எடத்துல."

வைஜயந்தி மாடியேறினார். இதய மருத்துவர் அம்ருதா இனாம்தார் வார்டில் இருந்து வர இருபது நிமிடம். வெளியே கணபதி ஊர்வல ஒத்திகையின் தோல் முரசு ஜன்னலை அதிர வைத்துக்கொண்டிருந்தது. நாளை அறுவை அரங்கு கைவிட்டுப் போனால் அடுத்த இடம் ஐந்து வாரம் கழித்து. ரேவாவின் நுரையீரல் அழுத்தம் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்தார்: சிகிச்சை பெறுவது இதயச் சுவரின் ஓட்டை. பிறவியிலேயே வந்தது, உடலுக்குள் இருப்பது, வெளியே பார்க்க முடியாதது. விரல்கள் அதே மரபணுக் கோளாறின் இன்னொரு அடையாளம். அவற்றுக்கு இப்போது எந்தச் சிகிச்சையும் இல்லை.

வைஜயந்தி அதை நான்கு மணிக்கு நிறுவனத்துக்கு அனுப்பினார். நாலே முக்காலுக்கு நிறுவனத்தின் டாக்டர் போனில் வந்தார்.

"மேடம், ரெண்டுமே ஒரே வியாதிதானே? கை வெளிய தெரியுது. அப்போ வியாதியே வெளிய தெரியறதுதானே?"

"சார், நாளைக்குக் கத்தி படப்போறது விரல்லயா, இதயத்துலயா?"

"இதயம்தான். ஆனா மரபணு..."

"மரபணு நோய்ங்கறதுக்காகத் தள்ள முடியாது. உள்ள இருக்கற பிறவிக் குறைக்காகவும் தள்ள முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அஞ்சு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க. உங்க கடிதத்துல எந்த விதியால தள்றீங்கன்னு எண் போட்டு அனுப்புங்க சார், நான் அதை ஆணையத்துக்கே அனுப்பிக்கறேன்."

"பார்த்துச் சொல்றேன்."

தானாஜி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். ரேவா இரண்டாவது மோதகத்தைக் கேட்டாள்; அறுவைக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் எச்சரித்ததை நினைத்து, இரவு எத்தனை மணி வரை சாப்பிடலாம் என்று அவர் மூன்று பேரிடம் கேட்டார். வைஜயந்தி இருபத்திரண்டாவது கோப்பைத் திறந்தார். ஒரு வரியும் ஏறவில்லை. ஐந்தரைக்குத் திரை பச்சையானது. அனுமதி.

தானாஜி கேட்டார்: "அப்போ விரலையும் சரி பண்ணிடலாமா அக்கா?"

"அது வெளிய தெரியற குறை. உங்க பாலிசில அது கிடையாது. அதை வேற வழில பார்ப்போம்."

"பரவால்ல. அவளுக்கு எழுத வருது."

அனுமதித் தாளில் கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்தார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டார். வைஜயந்தி அப்போதுதான் அவர் கையைச் சரியாகப் பார்த்தார். அதே நீண்ட, மூன்று கணுக் கட்டைவிரல்.

"உங்க இதயத்தை யாராவது ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்காங்களா?"

"எனக்கென்ன? நாப்பது கிலோ வார்ப்பு அச்சைத் தூக்குவேன்."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ரெண்டாவது மாடில ஒரு தடவை நின்னுட்டுதான் போவேன்."

வைஜயந்தி டாக்டர் இனாம்தாருக்குப் போன் செய்தார். புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு தானாஜி சூர்வேக்கு இதய ஸ்கேன். பட்டியலில் நான்காவது பெயர்.