இந்தப் பை யாருடையது?

பதினைந்து வருடமாக வியட்நாமிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதே அவளுடைய பிழைப்பு. அன்று அவளுடைய முதலாளியே மொழிபெயர்த்து முத்திரை குத்திய ஒரு வாக்குமூலம் அவள் கண்ணில் பட்டது. திருட்டு வழக்கில் சிக்கிய தையல் தொழிலாளி ஒருவன், ‘துய் நை குவா பான் தோய்’ என்று சொல்லியிருந்தான். பை, இந்த, உடைய, நண்பன், நான் என்பது அதன் சொல் வரிசை. அந்த மொழியில் ‘இந்த’ என்ற சொல் ‘பை’க்குப் பின்னால் வரும். கடைசி ‘நான்’ நண்பனோடுதான் சேரும். இந்தப் பை என் நண்பனுடையது என்பதே பொருள். முதலாளியோ ஆங்கிலத்தில், ‘நண்பா, இந்தப் பை என்னுடையது’ என்று எழுதியிருந்தார்.

“சார், குவாவுக்குப் பின்னாடி வர்றவங்கதான் சொந்தக்காரங்க. அவன் தன்னோட பை இல்லேங்கிறான்.”

“வார்த்தை முன்ன பின்ன இருந்தா என்னம்மா? எல்லா வார்த்தையும் இருக்குல்ல?” பிஸ்கட்டை மென்றபடி கேட்ட அவர், எண்ணெய் விரல்களை அந்தத் தாளிலேயே துடைத்தார்.

அவள் அந்த வாக்குமூலத்தைத் தானே மறுபடி மொழிபெயர்த்தாள். திருத்திய பிரதியை அவளே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்தர் இரண்டு மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டுப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். தொழிலாளியை மறுபடி விசாரிக்க அன்றே உத்தரவானது.

மாலையில் முதலாளி போன் செய்தார். “ஆபீஸ் மானத்தை வாங்கிட்டியே.”

“எந்த மானம் சார்?” என்று கேட்டு அவள் போனை வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.