நீ வர வேண்டாம், என்று

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ரெஜினா ஏறினால் முதலில் அவள் குரல் ஏறும், அப்புறம் சாப்பாட்டுப் பை, கடைசியாகத்தான் அவள். நான் சதுரங்கப்பட்டினத்திலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவேன். திருக்கழுக்குன்றம் தாண்டி அவள் வந்து என் பக்கத்தில் விழுவாள். மறைமலைநகரில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி எங்களுடையது. அவள் லைனில் நின்று வயர் சொருகுகிறாள், நான் அவள் சொருகியது சரியா என்று பார்க்கிறேன். அதனால் என் மேல் அவளுக்குக் கொஞ்சம் கடுப்பு எப்போதும் உண்டு.

பஸ்ஸில் அவளுக்கு ஸ்டேட்டஸ் ரெஜினா என்றுதான் பெயர். தினமும் ஒரு சினிமாப் பாட்டில் அரை நிமிஷம் வெட்டி வாட்ஸ்அப்பில் வைப்பாள். அப்போதெல்லாம் ஸ்டேட்டஸில் அரை நிமிஷத்துக்கு மேல் போகாது. இப்போதுதான் தாராளமாக நீட்டிவிட்டார்கள். முழு வீடியோவை எடுத்து, மேலே தெரியும் பட்டையில் விரலை வைத்து இந்த முனையை இழுப்பாள், அந்த முனையை இழுப்பாள், காதில் வைத்துக் கேட்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி இழுப்பாள். பாட்டை எங்கே ஆரம்பிப்பது என்பதில் அவளுக்குப் பெரிய பிடிவாதம். வார்த்தை தொடங்கும் இடத்தில் ஆரம்பித்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போல இருக்குமாம். கொஞ்சம் முன்னாலேயே, குழலோ வயலினோ இழுக்கும் இடத்திலிருந்து வர வேண்டுமாம்.

ஊருக்கெல்லாம் பாட்டு வைக்கிறாள் என்று பஸ்ஸே நினைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தெரியும், அத்தனை பாட்டும் ஒருத்திக்குத்தான். அவள் தங்கை ஜாய்ஸுக்கு.

ஜாய்ஸ் ஓசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறாள். இவர்கள் அம்மா இறந்த அன்று அவளுக்கு நைட் ஷிஃப்ட். போனை வெளியே பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விடிந்து வெளியே வந்த பிறகுதான் பார்த்தாள். அங்கிருந்து அலறிக்கொண்டு அவள் வந்து சேர்வதற்குள் இங்கே பெட்டியை மூடி, குழியில் இறக்கி, மண்ணும் போட்டாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சபை ஜனம் அத்தனை பேரும் நிற்க, ரெஜினா ஆத்திரத்தில் கத்தினாள்: "இப்ப இன்னாத்துக்கு வந்த? இனிமே நீ வராத!"

சொன்னவளுக்கு வாய் அதோடு பூட்டிக்கொண்டது. கேட்டவள் அழுகையோடு ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு வருஷம். ஒரு போன் கிடையாது.

"ஒரு போன் போட்டு வாடின்னா வரப்போறா" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"அத்தினி பேர் முன்னால சொன்னத எப்டிக்கா போன்ல திருப்பி வாங்கறது? நாக்கு எழும்பலக்கா" என்பாள்.

நாக்கு எழும்பாதவள்தான் பாட்டைத் தேடிப் போனாள். அக்கா தங்கைப் பாட்டு, அம்மா பாட்டு, அதெல்லாம் தீர்ந்து காதல் பாட்டு வரைக்கும் வந்துவிட்டாள். ஸ்டேட்டஸ் வைத்ததும் கீழே இருக்கிற கண் படத்தைத் தொட்டு யார் யார் பார்த்தார்கள் என்று தேடுவாள். பாஸ்டர், லைன் சூப்பர்வைசர், மாமியார் என்று வரும் பெயரையெல்லாம் தள்ளிக்கொண்டே போய், ஜாய்ஸ் என்ற பெயர் வந்ததும் நிற்பாள். முகம் சட்டென்று பத்து வயசு குறையும்.

"பாத்துட்டாக்கா. நம்ம நம்பர் அவ போன்ல இருந்தாத்தான் நம்ம ஸ்டேட்டஸ் அவளுக்குத் தெரியும். இன்னும் அழிக்கல பாரு."

அதைத்தான் சோறு மாதிரி தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாள், ஆனால் பேசவில்லை. ஆனாலும் பார்த்தாள். சாயந்திரம் செங்கல்பட்டு கொளவாய் ஏரியோரம் பஸ் வரும்போது தினமும் இதையே சொல்லிக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாள். எனக்குக் கோபமாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அம்மா இருந்த ஓலை வீட்டை இடித்துவிட்டு ரெஜினாவும் அவள் புருஷன் ஜெபசிங்கும் தளம் போட்ட வீடு கட்டினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை, பாஸ்டர் வந்து ஜெபம் செய்து திறந்து வைப்பார். ஊரெல்லாம் அழைத்தாயிற்று. ஜாய்ஸை மட்டும் அழைக்கவில்லை. அம்மா வீட்டுக்கு ஜாய்ஸ் இல்லாமல் என்ன பிரதிஷ்டை என்று ரெஜினாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போதே கண் மின்னியது. "கெடைச்சிடுச்சிக்கா, பாட்டு! சின்ன வயசுல நானும் அவளும் துணி தொவச்சிகினே பாடுவோம். ராத்திரியே வூட்ல வெட்டி வச்சிட்டேன்."

படம் ஓடாமல் பாட்டு மட்டும் ஓடிய கேஸ் அது. எனக்கும் லேசாக ஞாபகம் இருந்தது. ரெஜினா என் காதில் வைத்தாள். முதலில் புல்லாங்குழல், அவள் விருப்பப்படி நன்றாகவே நீளமாக. அப்புறம் அந்தப் பெண்குரல்:

நீ வர வேண்டாம், என் வாசல் மிதிக்க வேண்டாம்,
நிழலும் இங்கே விழ வேண்டாம்...

அதையே இன்னொரு தரம் இழைத்துப் பாடி, ஒரு மூச்சு விட்டு,

...என்று சொன்ன வாய்க்கு என்ன தண்டனை?
உன் பேரையே ஓயாமல் சொல்லும் தண்டனை.

"இதுக்கும் அவ வரலன்னா அவ மனுஷியே இல்லடி" என்றேன்.

அதற்குள் பஸ் கம்பெனி கேட்டில் திரும்பிவிட்டது. எல்லோரும் எழுந்தாயிற்று. எங்கள் கம்பெனியிலும் போனை கேட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். ரெஜினா நின்றபடியே பாட்டை எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள், பச்சை அம்பைத் தட்டினாள், போனைப் பூட்டினாள், சிலுவை போடுவது போல நெஞ்சைத் தொட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு லைனில் அவள் சொருகிய வயரில் ஒரு தப்புகூட நான் கண்டுபிடிக்கவில்லை.

சாயந்திரம் பெட்டியைத் திறந்தால் போன் துள்ளிக்கொண்டிருக்கிறது. ஜெபசிங் அடித்தது, மாமியார் அடித்தது, யார் யாரோ அடித்தது. வரதன் சித்தப்பா குரல் அனுப்பியிருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து போட்டாள்.

"ஏம்மா ரெஜினா, பத்திரிகை வச்சிட்டு, வர வேணாம்னு ஸ்டேட்டஸ் போடறது இன்னா பழக்கம்? யாருக்குமா சாடை? எனக்குன்னா நேரா சொல்லிடு, நான் சீர் தட்டு வாங்காம இருந்துக்கறேன்."

மாமியாருடையது இன்னும் மோசம். நாத்தனாரைச் சொல்கிறாளா, தன்னைச் சொல்கிறாளா என்று அங்கே பஞ்சாயத்தே கூடியிருந்தது. நாங்கள் ஒன்றும் புரியாமல் ரெஜினாவின் ஸ்டேட்டஸை நாங்களே போட்டுப் பார்த்தோம். புல்லாங்குழல் வந்தது. நீ வர வேண்டாம் வந்தது. வாசல் மிதிக்க வேண்டாம், நிழலும் விழ வேண்டாம், எல்லாம் இரண்டு தரம் வந்தது. பாடுகிறவள் மூச்சு இழுத்தாள். நின்றுவிட்டது.

ராத்திரி வீட்டில் அவள் வெட்டியது அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வாட்ஸ்அப் அதற்கு வேண்டிய அரை நிமிஷத்தை முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டது. புல்லாங்குழலுக்கு இடம் கொடுத்ததில் 'என்று' போய்விட்டது. மற்ற நாளில் பட்டையை இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புவாள், அன்றைக்குப் பார்க்க நேரமில்லை. நம் பாஷையில் சொன்னதையெல்லாம் கடைசி வார்த்தை வந்துதானே புரட்டிப் போடுகிறது. அது வராவிட்டால் தொலைந்தோம்.

ரெஜினா கண் படத்தைத் தொட்டாள். ஜாய்ஸ் பெயர் இருந்தது. காலையிலேயே பார்த்திருக்கிறாள். நாளெல்லாம் அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், இவள் போன் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

"எனக்குத் தெரியாமப் போச்சேக்கா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "அவளும் இதத்தான சொன்னா அன்னிக்கு? போன் பொட்டில இருந்திச்சிக்கா, எனக்குத் தெரியாதுக்கான்னு. நான் காதுலயே வாங்கலியே" என்றாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"அழுதுகினு இருந்தா ஆச்சா? மீதியப் போடு" என்றேன்.

"போட்டா சித்தப்பா பாப்பாரு, மாமியாரு பாக்கும். அவ பாப்பாளா? இன்னும் பாட்டு பின்னாலயே ஒளிஞ்சிகினு இருக்கச் சொல்றியா?" என்று என் மேலேயே பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் ஜாய்ஸ் நம்பரைத் தட்டிவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. என் கையை அவள் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

சுவிட்ச் ஆஃப் என்று மெஷின் பேசியது. அப்போது ஜாய்ஸுக்கு இரண்டாம் ஷிஃப்ட். போன் அங்கே ஒரு பெட்டியில் இருந்திருக்கும்.

குரல் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். நான் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன், பொத்தவில்லை. "ஜாய்ஸு, அது தப்பா வெட்டிட்டன்டி. பாட்டுல மீதி கீது. அம்மா வூட்டுக்கு ஞாயித்துக்கெழம... வாடி" என்றாள். கடைசி வார்த்தை கரகரத்துப் பாதிதான் வந்தது. ஒரே ஒரு டிக் விழுந்தது. அவள் இறங்கும் வரைக்கும் அது ஒன்றாகவேதான் இருந்தது.

மறுநாள் ஏறினாள். குரல் ஏறவில்லை, சாப்பாட்டுப் பை இல்லை, மறந்துவிட்டு வந்திருக்கிறாள். போனை என் காதில் வைத்து அழுத்தினாள். உள்ளே ஜாய்ஸ்.

"அக்கா, அந்தப் பாட்டுல மீதி எனக்குத் தெரியாதா? நீ சொல்லிக்குடுத்ததுதானக்கா. காலைல பாக்கறப்ப, தோ இப்ப அடுத்தது வரும், இப்ப வரும்னு பாத்துகினே இருந்தேன். நிறுத்திட்ட. அக்காளுக்கும் மீதி தெரியும், தெரிஞ்சே நிறுத்திச்சின்னு நெனச்சிட்டேன். லைன்ல நிக்கவே முடிலக்கா." அங்கே கொஞ்சம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "லீவு கேக்கறேன். குடுப்பாங்களோ மாட்டாங்களோ தெரில. நீ கடைசில இன்னாவோ சொன்னியே, அது சரியா கேக்கலக்கா. இன்னொருவாட்டி சொல்லேன்."

கேட்டுவிட்டு ரெஜினாவைப் பார்த்தேன். "இன்னும் ஒண்ணும் அனுப்பலியா நீ?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "பயமா கீதுக்கா. லீவு கெடைக்கலன்னா?"

"கெடைக்காட்டி கெடைக்கட்டும். அவ லீவக் கேக்கலடி, உன்னக் கேக்கறா."

ரெஜினா பொத்தானை அழுத்தினாள். பஸ் முழுக்க ஜனம், டிரைவர் ஏதோ பாட்டு போட்டிருக்கிறார், முன்சீட்டு ஷபானா நாஸ்தா டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறாள். போனை வாயருகே கொண்டு போய், கல்லறைத் தோட்டத்தில் கத்தினாளே, அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"வாடீ!"