சிவக்காத கட்டம்

எங்கள் போத்தனூர் பங்குச் சந்தை புரோக்கர் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஜெயக்கொடியைப் பற்றி ஒரே பதில்தான் வரும்: "அந்தம்மா பார்த்தா சரியாத்தான் இருக்கும்." நானும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். எனக்கும் சேர்த்து ஒரு கொட்டு வைக்கலாம்.

அவர் வேலை ஆப்ஷன் வாங்கி வைத்திருப்பவர்களைக் கவனிப்பது. ஆப்ஷனுக்கு ஆயுள் உண்டு. சந்தை சும்மா கிடந்தாலும் ஒவ்வொரு நாளும் அதன் விலை கொஞ்சம் தேயும். இதற்காகவே ஜெயக்கொடி கணினியில் ஒரு அட்டவணை போட்டிருந்தார். இன்றைக்கு எவ்வளவு தேயும் என்பது ஒரு பக்கம். சந்தை ஒரு நாளில் வழக்கமாக எவ்வளவு நகரும், அப்படி நகர்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது மறுபக்கம். தேய்மானம் மிஞ்சினால் அந்த வாடிக்கையாளரின் கட்டம் சிவந்துவிடும். உடனே போன் போய்விடும். "ஏனுங்க, உங்க பொசிஷன் சும்மா இருந்தே கரையுதுங்க. பார்த்துக்கோங்க." இதில் அவர் ஒரு நாளும் சோம்பியதில்லை.

மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அமிர்தராஜ் அண்ணன் அந்த மாதம் நிஃப்டியில், சந்தை ஏறினால் லாபம் தரும் 'கால்' ஆப்ஷன் ஒன்றும், இறங்கினால் லாபம் தரும் 'புட்' ஆப்ஷன் ஒன்றும் சேர்த்து வாங்கியிருந்தார். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, பெரிதாக நகர்ந்தால் லாபம். நகராவிட்டால் இரண்டும் சேர்ந்து தேயும். புது வைண்டிங் மெஷினுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. ஆசை யாரை விட்டது!

புதன்கிழமை போன் செய்தார். "அம்மணி, ரெண்டுமே எறங்கிட்டே போகுதுங்க. வித்துப்போடட்டுங்களா?"

ஜெயக்கொடி திரையைப் பார்த்தார். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. "சிவப்பு ஒண்ணும் வரலைங்களே அண்ணா. வந்திருந்தா நானே கூப்பிட்டிருக்க மாட்டேனுங்களா? இத்தனை அவசரம் ஆகாதுங்க."

கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னார். அண்ணன், "சரிங்க அம்மணி, நான்தான் பயந்துபோட்டேன்" என்று போனை வைத்தார். விற்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஜெயக்கொடி எண்களை மாற்ற அட்டவணையைத் திறந்தார். திடீரென்று கை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். 'ஒரு நாள் நகர்வு' என்ற இடத்தில் இருநூற்று முப்பது புள்ளி. சந்தை அப்போது நாளுக்கு நூறு புள்ளி நகர்ந்தாலே அதிகம். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஆப்ஷனின் ஆயுள் முடியும் எக்ஸ்பைரியிலிருந்து அடுத்த எக்ஸ்பைரிக்கு, அதாவது வாரக் கணக்கில் பேசித்தான் பழக்கம். காலையில் வாட்ஸ்அப் குழுவில் வரும் நகர்வு எண்ணும் வாரக் கணக்குதான். வழக்கமாக ஜெயக்கொடி அதை நாள் கணக்காக மாற்றித்தான் போடுவார். போன வாரம் அப்படியே போட்டுவிட்டார். ஒரு வார நகர்வை ஒரு நாள் தேய்மானத்தோடு ஒப்பிட்டால் கட்டம் எங்கே சிவக்கும்?

சரியான எண்ணைப் போட்டார். திரையில் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. அதில் அமிர்தராஜின் கட்டமும் ஒன்று. அண்ணன் வாங்கிய விலைக்கு, நாளுக்கு இருநூறு புள்ளியாவது நகர்ந்தால்தான் தேய்மானத்துக்குச் சரிக்கட்டும்.

ஜெயக்கொடிக்கு முகம் செத்துவிட்டது. "அவரு விக்கிறேன்னு கேட்டாருங்க. நான்தானுங்க அதட்டி வெச்சேன்" என்று என்னிடம் சொன்னார். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எனக்குக் கோபம் வந்தது, கூப்பிட வேண்டியதுதானே! ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை, அது என் லட்சணம்.

பத்தரை மணிக்கு அமிர்தராஜ் அண்ணனே நேரில் வந்து நின்றார். "காலையில பட்டறையிலிருந்தே ரெண்டையும் வித்துப்போட்டனுங்க. பாதிக்கு மேல போச்சு. உங்க மேல குத்தமில்லீங்க அம்மணி. போன வாரம் போன் பண்ணித் தொந்தரவு செஞ்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

ஜெயக்கொடி எழுந்து நின்றார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேசையையே பார்த்தார். "நீங்க மன்னிப்புக் கேக்காதீங்கண்ணா. உங்க கட்டம் அன்னைக்கே சிவந்திருக்கணுமுங்க. நான் வாரக் கணக்கை நாள் கணக்குன்னு போட்டுப்போட்டேன். உங்களுக்குத் தோணினதுதானுங்க சரி."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கே தோன்றியது. பிறகு திரையைக் காட்டினார். "இந்தச் சிவப்பெல்லாம் யாருங்க?"

"இவங்களும் உங்களை மாதிரிதானுங்க."

"சொல்லிப்போட்டீங்களா?"

ஜெயக்கொடி தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

"எனக்குப் போனது போச்சுங்க. அவங்க இன்னும் வெச்சுட்டு இருக்காங்க. போன் அடிங்க. நான் இங்கயே இருக்கேன்."

முதல் பெயர் உக்கடம் சித்திகா. மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். "அக்கா, ஜெயக்கொடி பேசறனுங்க. நம்ம சிஸ்டத்துல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தவர், எதிரே உட்கார்ந்திருந்த அமிர்தராஜைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இல்லீங்கக்கா. சிஸ்டம் இல்லீங்க. நான்தான் தப்பாப் போட்டுட்டனுங்க."