அழிக்காமல் எழுதிய பக்கம்

திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்தபோது, பொது சுகாதார மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். மற்றதெல்லாம் தயார். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும், அதுதான் பாக்கி. மறுநாள் மாலையோடு கெடு முடிகிறது.

காலையிலிருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "சிறு வயது முதலே சேவை மனப்பான்மை" என்று அடிப்பேன், அழிப்பேன். சித்தூரிலிருந்து நைனா, என் அப்பா, போன் செய்தார்.

"முடிச்சிட்டியாம்மா?"

"எழுதிக்கினு இருக்கேன் நைனா." பொய்.

அறைத்தோழியும் நர்ஸ்தான், போன வருடம் இதே மாதிரி எழுதி இடம் வாங்கியவள். வந்து லேப்டாப்பை மூடினாள். வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தாள்.

"முதல்ல தலையில இருக்கிறத எல்லாம் கொட்டு. வாக்கியம் வேணாம், வரிசை வேணாம்."

பயம், இங்கிலீஷ், நைட் டியூட்டி, நைனாவின் முகம், பலமனேர்க்காரர், பஸ் என்று தாள் முழுக்கக் கிறுக்கினேன்.

"இதுல எது உன்ன விடல?"

பலமனேர்க்காரரைக் காட்டினேன், அந்த ஊரிலிருந்து டயாலிசிஸுக்கு வரும் நோயாளி. அவள் போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள். "இவர்ல ஆரம்பி. கைய நிறுத்தாத, அடிச்சுத் திருத்தாத, திரும்பிப் படிக்காத. தமிழோ தெலுங்கோ, எது வருதோ எழுது. ஒண்ணும் வரலன்னா 'ஒண்ணும் வரல'ன்னே எழுது."

ஒண்ணும் வரல, ஒண்ணும் வரல என்று இரண்டு வரி எழுதினேன். எரிச்சலாக வந்தது. அப்புறம் கை தானாக ஓடியது. அவர் அடிக்கடி டயாலிசிஸுக்கு வராமல் நின்றுவிடுவார். பிறகு மூச்சுத் திணறித்தான் வருவார். நான் திட்ட நினைத்துப் போன் செய்தபோது அவர் மனைவி சொன்னார்: "பஸ்ல உக்கார முடியலம்மா. வழியெல்லாம் வாந்தி." அதன்பிறகு அந்தப் பக்கத்து நோயாளிகள் நாலு பேரை ஒரே ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் மன்றாடினேன். சேர்ந்து ஒரு வண்டியில் வர ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத்தக்கது என்றே தோன்றியதில்லை.

மணி அடித்தது. பேனாவை வைத்தேன்.

"எனக்குப் படிச்சிக் காட்ட வேணாம்," என்றாள் தோழி. "சூடா இருக்கிற, உன்னத் தொடுற வரிய மட்டும் வட்டம் போடு. இது டிராப்ட் இல்ல. மிச்சத்த அப்படியே விடு."

"வழியெல்லாம் வாந்தி" என்பதை வட்டமிட்டேன். அதை வைத்து இன்னொரு பத்து நிமிடம். பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கும் தடைகளைப் படிக்க விரும்புகிறேன் என்று முதல் பத்தி வந்தது. பின்னாலேயே அந்த நாலு பேரும் அவர்கள் வந்த வண்டியும். சேவை மனப்பான்மை எங்கும் இல்லை.

மறுநாள் கெடுவுக்குச் சற்று முன் அனுப்பினேன். விண்ணப்பித்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று மறுத்தது. மற்றதன் நேர்காணலில், உட்கார்ந்ததுமே அந்த வண்டியைப் பற்றித்தான் கேட்டார்கள்.