தெருவிளக்கு மனுவில் முதல் கையெழுத்து

மண்ணூர் தாண்டி உள்ளே ஒரு ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஒரே வரிசையில் கட்டிய அறைகள், பொதுவான குழாய், மொட்டை மாடியில் துணிக் கொடி. அறைக்கு நாலு பெண்கள். எல்லோரும் கம்பெனிகளில் லைனில் நிற்பவர்கள். முதல் ஷிப்ட் பஸ் விடியும் முன்பே வந்துவிடும். அது தெருமுனையில் நிற்கும். வீட்டிலிருந்து முனைக்குப் போகும் வழியில் ஒரு பக்கம் திறந்த கால்வாய், மறுபக்கம் நெல் வயல். பாதி வழியில், வயலோரமாக ஒரு கம்பம், அதில் ஒரு விளக்கு. அந்த விளக்கு ஆவணியிலிருந்து எரியவில்லை.

எரியாத விளக்குக்கு நாங்கள் பழகிவிட்டோம் என்பதுதான் உண்மை. செல்போன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு, நாய் குரைத்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்விடுவோம். மழை பெய்த ஒரு விடியலில் என் அறைத்தோழி கால்வாய்க்குள் விழுந்தாள். அவள் மானாமதுரைப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். கணுக்காலில் கட்டு, ஒரு வாரம் லீவு. அதை ஊருக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவள், சொல்லிவிட்டாள். அடுத்த பஸ்ஸிலேயே அப்பா வந்து இறங்கினார்.

வந்தவர் கட்டைப் பார்த்தார், பிறகு இருட்டியதும் தெருவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான், எங்கள் எல்லோருக்கும் சேவு வாங்கி வந்திருந்தார். ஆனால் பேச்சு ஒன்றே ஒன்று.

“இந்த இருட்டுல பிள்ளைய விட்டுட்டு எனக்கு அங்கிட்டு உறக்கம் வராது. வார ஞாயித்துக்கெழமைக்குள்ள லைட்டு எரியணும். எரியலையா, நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். மாப்பிள்ளை வீட்டுக்காரக கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக.”

“ஒரு மாசம் பொறுங்கப்பா. பெர்மனென்ட் லிஸ்ட் வரப் போகுது, இப்பப் போனா எல்லாம் போயிரும்” என்று அவள் கெஞ்சினாள்.

“ஒரு வாரம்தான். அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது.”

அவர் போன பிறகு அவள் அழவில்லை. பேகைக் கீழே இறக்கி, சுடிதார்களை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பேகைப் பிடுங்கி மறுபடி மேலே போட்டுவிட்டு, மனு எழுதலாம் வா என்றேன். நான் சங்கரன்கோவில்காரி. எங்களுக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேனாவைத்தான் தேடும்.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடியே எழுதினேன். ‘எங்கள் தெருவிளக்கு பழுதடைந்து பல மாதங்கள் ஆகிறது. அதிகாலை வேலைக்குச் செல்லும் பெண்கள் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகிறோம்.’ மின்வாரிய அலுவலகத்துக்கு எழுதப் போன என்னை மாடி அறை அக்கா ஒருத்தி தடுத்தாள். கம்பமும் கம்பியும்தான் அவர்களுடையது, விளக்கு ஊராட்சியுடையது என்றாள். ஆகவே பெறுநர் ஊராட்சி மன்றத் தலைவர் ஆனார்.

வெளியூர்ப் பெண்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் யார் மதிப்பார்கள் என்று, முதல் கையெழுத்துக்கு வீட்டுக்காரம்மாவிடம் போனேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. பகலில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. நிலமெல்லாம் போக மிச்சமிருந்த ஒரே வயலையும் அவரே பார்த்துக்கொண்டார். மனுவை வாங்கி இரண்டு தடவை படித்தார். என் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அறைத்தோழியின் காலையும் பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தார். எழுதிப் பழக்கமில்லாத கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தாள் அறை அறையாகப் போனது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், கிளம்புகிறவர்கள் என எல்லோரும் போட்டார்கள். பக்கம் நிறைந்ததும் நகல் எடுத்து, இரண்டையும் தூக்கிக்கொண்டு நானும் அவளும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அவள் நொண்டிக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஊராட்சி செயலர் மனுவை முழுவதும் படித்தார். கையெழுத்துகள் வந்த இடத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இன்னாம்மா இது, பேருக்குப் பக்கத்துல எல்லாருக்கும் ஒரு நம்பர்?”

அப்போதுதான் நானே பார்த்தேன். எங்களில் முதல் ஆளாகப் போட்ட மாடி அறை அக்கா பழக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் எம்ப்ளாயி நம்பரை எழுதிவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். லீவு லெட்டர், ஓ.டி. ஷீட், சீருடை வாங்கும் ரசீது என்று கம்பெனியில் எங்கே பெயர் எழுதினாலும் நம்பர் எழுதிப் பழகிய கைகள். என் கையும் எழுதியிருந்தது. வீட்டுக்காரம்மா பெயர் மட்டும்தான் நம்பர் இல்லாமல் மேலே தனியாக இருந்தது.

“கம்பெனி நம்பர் சார்” என்றேன், எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது.

“ஆளுங்களுக்கு எல்லாம் நம்பர் போட்டுக்கினு வந்துட்டீங்க. கம்பத்துக்கு நம்பர் போடலியே. எந்தக் கம்பம்னு ஆபரேட்டருக்கு நான் எப்டி சொல்றது?”

சிரிக்காமல் கேட்டார். அவள்தான் சிரித்துவிட்டாள், அப்பா வந்துபோன பிறகு முதல் தடவையாக. திரும்பிப் போய்க் கம்பத்தைத் தேடினோம். ‘ஆட்கள் தேவை’, ‘பெண்களுக்கு ரூம் காலி’ என்று ஒட்டிய நோட்டீசுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தால் அடியில் பெயின்ட்டில் எண் இருந்தது. கொண்டுபோய்ச் சொன்னோம். செயலர் அதை மனுவில் எழுதி, நகலில் சீல் போட்டுக் கொடுத்தார்.

“நாளைக்கு ஆள் வருவாரு” என்றார். நான் நம்பவில்லை. அரசாங்க அலுவலகத்து ‘நாளைக்கு’ எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் என்று வழியெல்லாம் அவளிடம் பீற்றிக்கொண்டு வந்தேன்.

ஆனால் மறுநாளே ஏணியோடு வந்துவிட்டார் டேங்க் ஆபரேட்டர். எங்கள் ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுபவரும் தெருவிளக்கைப் பார்த்துக்கொள்பவரும் அவரே. அன்று எனக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில்தான் இருந்தேன். அவர் ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு மேலே ஏறாமல் நின்றார்.

“ஏன் அண்ணே, பல்பு கொண்டு வரலையா?”

“பல்பு நல்லா கீதும்மா. நான்தான் ஒயரைக் கழட்டி வுட்டேன்.”

“நீங்களேவா?”

“வூட்டுக்காரம்மா சொல்லி. இப்ப மனுல மொத கையெழுத்து அவங்க போட்டுகீறாங்க. மாட்டறதா, வேணாவா? அதான் கேட்டுக்கலாம்னு நிக்கறேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்காரம்மா கதவை நான் தட்டவில்லை, இடித்தேன். அவர் கேன்டீனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏணியைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. எதையும் மறைக்காமல் சொன்னார்.

கம்பத்தை ஒட்டிய வயல் அவருடையது. போன வருடம் அந்தக் கம்பத்தைச் சுற்றி வயலில் ஒரு வட்டம் மட்டும் பூ எடுக்கவில்லையாம். வயல் முழுக்கப் பழுத்து நிற்க, வெளிச்சம் விழுந்த இடம் பச்சையாகவே நின்றது. ராத்திரி விளக்கில் நெல்லுக்குப் பகல் முடிந்ததே தெரிவதில்லை என்றார். அறுவடை மெஷின் அந்த வட்டத்தைச் சுற்றி அறுத்துவிட்டுப் போய்விட்டது. துண்டு இடத்துக்காக அது திரும்பி வராது. மாட்டுக்குத்தான் அறுத்துப் போட்டார். இந்தத் தடவை தகரம் கட்டி மறைத்துப் பார்த்தார்கள், காற்றில் போய்விட்டது. அதனால் நாற்று நட்டதும் விளக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“அப்புறம் எதுக்கு மனுல கையெழுத்துப் போட்டீங்க?” என்றேன். குரல் உயர்ந்துதான் வந்தது.

“அந்தப் பொண்ணு கால்ல கட்டோட நிக்குது. எப்டிமா மாட்டேன்றது?” பிறகு வயல் பக்கம் பார்த்தார். “மனு குடுத்தா அவங்க வர்றதுக்கு எப்டியும் தை மாசம் ஆவும்னு நெனச்சேன். அதுக்குள்ள அறுப்பு முடிஞ்சிரும். இப்டி மறுநாளே வந்து நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

ஊராட்சியை நம்பாததில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. சண்டை போட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“எவ்வளவு நாளு இருட்டா இருக்கணும்?”

“பொதி கட்டி கதிர் வெளிய வந்துட்டா போதும். அப்புறம் எரிஞ்சா ஒண்ணும் ஆவாது. ஒரு மாசம் புடிக்கும்.”

ஒரு மாதம். எங்களிடம் இருந்தது ஞாயிறு வரை. ஆபரேட்டரிடம் மாட்டுங்கள் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. மனு எங்களுடையது, காலில் அடிபட்டதும் எங்கள் பிள்ளைக்கு. ஆனால் அவள் என் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“வேண்டாம்க்கா. நெல்லுல போயி எப்படிக்கா? நான் அப்பாட்டப் பேசுறேன்.”

போனை ஸ்பீக்கரில் போட்டாள். பேகை எடுத்து வைக்க வேண்டியதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவள் விளக்கு, வயல், பச்சை வட்டம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நட்டு எத்தன நாளாச்சாம்?” என்றார் அப்பா.

அவளுக்குத் தெரியவில்லை. போனை வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினாள். “தூர் கட்டி நிக்குதுண்ணே. இனிமேதான் பொதி வரணும்” என்றார் அவர். அதன் பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. எந்த ரகம், இலைச்சுருட்டுப் புழு இருக்கிறதா, தண்ணீர் எப்படி என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் அப்பா சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“அப்ப லைட்டப் போட்றாதீகம்மா. கதிரு தலை காட்டட்டும். ஒரு மாசந்தான, என்ன போச்சு.”

“வெடிகாலைல நானே டார்ச் எடுத்துகினு பஸ் வரைக்கும் வுட்டுட்டு வரேன்ணே” என்றார் வீட்டுக்காரம்மா. அப்பா அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

ஆபரேட்டர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார். செயலரிடம் கார்த்திகை கடைசியில் என்று குறித்து வைக்கச் சொல்கிறேன் என்று கிளம்பினார். வீட்டுக்காரம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, லேட்டாகிவிட்டது என்று கேன்டீனுக்கு ஓடினார். எனக்கு நிம்மதி தாங்கவில்லை. வேலை தப்பியது, இன்னும் என்ன வேண்டும் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா எனக்கு ஒரு நாளு கூடத் தர மாட்டேன்னாகள்லக்கா. மொதல்லயே வேலைன்னு சொல்லாம நெல்லுன்னு சொல்லியிருக்கணும்.”